பன்றி நிற்கும் மண்ணும் ஒரு கம்பி

சத்தியமங்கலத்துக்கு வடக்கே, மலை எழும்புகிற இடத்தில் என் மாமாவுக்கு ஐந்து ஏக்கர் நிலம். கிணற்றுப் பாசனம். மாசியில் கடலை போடுவார். சித்திரையில் மண்ணுக்குள் காய் முற்றத் தொடங்கும்போது காட்டுப்பன்றிக்கு எப்படியோ தகவல் போய்விடும். ஒரு கூட்டம் ஓர் இரவு இறங்கினால் போதும், ஏர் ஓட்டியதைவிட ஆழமாக உழுதுவிட்டுப் போகும்.

அதற்காகத்தான் சோலார் வேலி போட்டார். ஐந்து வரிசைக் கம்பி, மூலைக்கு மூலை கல்லுக்கால், சாளைச் சுவரில் ஒரு பெட்டி, கூரைமேல் ஒரு பேனல். இரண்டு வருடம் பன்றி உள்ளே வரவில்லை. மூன்றாம் சித்திரையில் வந்துவிட்டது. கம்பி அறவில்லை, கால் சாயவில்லை. பெட்டியில் விளக்கு மினுங்குகிறது, டிக், டிக் என்ற சத்தம் தவறாமல் கேட்கிறது. வேலி மீட்டரைக் கம்பியில் வைத்தால் 7.2 கிலோவோல்ட் காட்டுகிறது. அதாவது 7,200 வோல்ட். பன்றியைத் திருப்ப 4,000 இருந்தாலே போதும் என்பார்கள்.

"பொட்டியில குத்தமில்லீங்க. பன்னிக்குத்தான் பழகிப்போச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார் விற்ற கடைக்காரர்.

ஷாக் எந்தப் பன்றிக்கும் பழகிப்போவதில்லை. அந்தப் பன்றிகளுக்கு ஷாக்கே அடித்திருக்கவில்லை. கம்பியில் 7,200 வோல்ட் இருந்தும் அது எப்படி என்பதைப் புரிந்துகொண்டால், இந்த வேலியைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதி தெரிந்துவிடும்.

எனர்ஜைசர் என்கிற அந்தப் பெட்டியின் வேலை, தொட்டி நிரப்பித் திறந்துவிடுவதைப் போன்றது. 12 வோல்ட் பேட்டரியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரத்தை எடுத்து, அழுத்தத்தைச் சில நூறு வோல்ட்டாக உயர்த்தி, கெப்பாசிட்டர் என்ற தொட்டியில் சேர்க்கும். நிரம்பியதும் மடையைத் திறந்து, சேர்ந்ததையெல்லாம் ஒரே வீச்சில் ஒரு மின்மாற்றிக்குள் கொட்டும். மின்மாற்றி அதை எட்டாயிரம், ஒன்பதாயிரம் வோல்ட்டாக்கிக் கம்பியில் அனுப்பும். மடை திறக்கிற சத்தம்தான் அந்த டிக். பிறகு ஒரு நொடிக்குச் சற்று மேல் ஓய்வு. மறுபடி நிரம்பி, மறுபடி கொட்டும்.

ஒவ்வொரு கொட்டலும் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம்கூட நீடிப்பதில்லை. இதில் வெளியேறும் ஆற்றலை ஜூல் கணக்கில் சொல்வார்கள். நூறு கிராம் எடையை ஒரு மீட்டர் உயரம் தூக்க ஆகும் ஆற்றல் ஏறத்தாழ 1 ஜூல். மாமாவின் பெட்டி ஒரு துடிப்புக்கு 2 ஜூல் தருகிறது. ஆற்றல் கொஞ்சம்தான். கண் இமைப்பதற்கு முன் மொத்தமாக இறங்குவதால் அறைந்ததுபோல வலிக்கிறது.

இதையும், கிணற்று மோட்டார் லைனிலிருந்து கம்பிக்கு நேராகக் கரண்ட் கொடுப்பதையும் பத்திரிகைகள் ஒரே சொல்லால் 'மின்வேலி' என்று எழுதிவிடுகின்றன. இரண்டும் ஒன்றல்ல. 230 வோல்ட் வீட்டு மின்சாரம் இடைவிடாமல் ஓடுவது. தொட்ட கை இறுகிக்கொள்ளும், விட முடியாது, இதயத்தின் துடிப்பு குலைந்து உயிர் போகும். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே மூன்று யானைகள் செத்துக் கிடந்தது அப்படிப்பட்ட திருட்டு மின்சார வேலியில்தான். கூட வந்த இரண்டு குட்டிகள் தப்பின. எனர்ஜைசரில் வோல்ட் பல மடங்கு அதிகம். ஆனாலும் உயிர் தப்புவது, துடிப்பு குறுகியதாகவும் துடிப்புகளுக்கு நடுவே விலகிப்போக ஒரு நொடி அவகாசம் இருப்பதாகவும் இருப்பதால். அந்த ஓய்வு ஒரு நொடிக்குக் குறையக் கூடாது, ஒரு துடிப்பில் 5 ஜூலுக்கு மேல் இறங்கக் கூடாது என்று தர விதிகள் வரம்பு கட்டியிருக்கின்றன. பெட்டி வாங்கும்போது ஐ.எஸ். 302 என்ற தர எண்ணில் பகுதி 2, பிரிவு 76-ஐப் பின்பற்றியதா என்று கேட்பது இதற்காகத்தான். உள்ளூரில் யாரோ சேர்த்துக் கட்டிய மலிவுப் பெட்டியில் அந்த ஒரு நொடி இருக்கிறதா என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

இனி பன்றிக்கு வருவோம்.

மின்சாரம் புறப்பட்ட இடத்துக்குத் திரும்பிவந்தால்தான் ஓட்டம். பெட்டியில் இரண்டு முனைகள் உண்டு. ஒன்று வேலிக் கம்பிக்குப் போகிறது. மற்றொன்று எர்த், மண்ணுக்குள் அடித்த இரும்புக் கழிக்குப் போகிறது. யாரும் தொடாத வேலியில் ஓட்டமே கிடையாது, அழுத்தம் மட்டும் நிற்கும். பன்றி மூக்கால் கம்பியைத் தொட்டால், மின்சாரம் மூக்கு வழியாக உடம்பில் இறங்கி, நான்கு குளம்பு வழியாக மண்ணுக்குப் போய், அந்த மண்ணுக்குள் நூறு இருநூறு மீட்டர் பயணப்பட்டு, எர்த் கழியைப் பிடித்துப் பெட்டிக்குத் திரும்ப வேண்டும். பாதி வழிக்குத்தான் கம்பி. மீதிப் பாதிக்கு மண்ணே கம்பி.

சித்திரையில் அந்த மண் எப்படி இருக்கும்? மாமா பாய்ச்சுகிற தண்ணீர் வேலிக்கு உள்ளே இருக்கிறது. பன்றி நிற்பது வேலிக்கு வெளியே, மூன்று மாதமாக ஒரு சொட்டு விழாத ஓடக்கல் பூமியில். உலர்ந்த மண் மின்சாரத்தைச் சரியாக விடாது. குளம்பும் கொம்புபோலக் காய்ந்தது. போதாக்குறைக்கு எர்த் கழி இருந்த இடம் சாளைக் கூரைக்குக் கீழே, மழை பெய்தாலும் நனையாத மேட்டில்.

அப்படியானால் மீட்டர் ஏன் 7.2 காட்டியது? மீட்டர் வேலை செய்யக் கிட்டத்தட்ட ஓட்டமே வேண்டியதில்லை. அதனால் வழி எவ்வளவு அடைத்திருந்தாலும் அது முழு அழுத்தத்தையே காட்டும். குழாய் முக்கால்வாசி அடைத்திருந்தாலும் வாயை மூடிப் பிடித்தால் அழுத்தம் தெரியும். திறந்தால்தான் சொட்டுவது தெரியும். பன்றி குழாயைத் திறக்கிறது, மீட்டர் திறப்பதில்லை.

ஆகவே வேலியைச் சோதிக்க நாமே குழாயைத் திறக்க வேண்டும். எங்களுக்கு அதைக் காட்டியவர் வால்பாறைப் பக்கம் எஸ்டேட்டுகளில் வருடக்கணக்காக வேலி பார்த்து ஓய்ந்த ஒரு பெரியவர். வந்ததும் பெட்டியைத் திறக்கவில்லை. "ரெண்டு கடப்பாரை இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

பெட்டியை அணைத்துவிட்டு, அதிலிருந்து நூறு மீட்டருக்கு அப்பால் போய், கடப்பாரைகளை மண்ணில் குத்தி மின்கம்பிகள்மேல் சாய்த்து வைத்தார். இப்போது கம்பியும் மண்ணும் நேராகச் சேர்ந்துவிட்டன. நூறு பன்றி ஒரே சமயத்தில் முட்டி நிற்பது போல. பெட்டியைத் திரும்பப் போட்டதும் வேலியில் அழுத்தம் 2 கிலோவோல்ட்டுக்குக் கீழே விழ வேண்டும். தரை மிகவும் காய்ந்திருந்ததால் விழவில்லை. இன்னும் இரண்டு இரும்புக் கழி சாய்த்து, அடியில் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் விழுந்தது. அதன்பின் பெட்டிக்குத் திரும்பி வந்து, மீட்டரின் முள்ளை எர்த் கழியிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி மண்ணில் குத்தி, மீட்டரை எர்த் கழியின் தலையில் வைத்தார்.

1.3 கிலோவோல்ட்.

எர்த் கழியில் இருக்க வேண்டியது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. 0.2 வரை நல்லது, 0.3 வரை பொறுக்கலாம். 1.3 என்றால், திரும்பி வருகிற மின்சாரம் கழிக்குள் நுழைய முடியாமல் வாசலில் முட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். பெட்டி கொடுக்கும் உந்துதலில் பெரும்பங்கு பன்றியிடம் செலவாகாமல் எர்த்திலேயே வீணாகிறது. வேலி தளர்ந்தால் பெட்டியைத்தான் எல்லோரும் முதலில் சந்தேகிப்பார்கள், பெரிய பெட்டியாக மாற்றச் சொல்வார்கள். எர்த் மோசமாக இருந்தால் எத்தனை ஜூல் பெட்டி வைத்தாலும் கதை இதுவே.

கழியைப் பிடுங்கிப் பார்த்தோம். மூன்றடி நீளத் துண்டு, கட்டடத்துக்குப் போடும் முறுக்குக் கம்பி. பூசு இல்லாததால் துரு ஏறிப் பொரிந்திருந்தது. அதில் செம்புக் கம்பியைச் சுற்றி முறுக்கிவிட்டிருந்தார்கள். செம்பும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் இரும்பு அரிக்கும். சேர்ந்த இடத்தில் பச்சையும் சிவப்புமாக ஒரு பொருக்கு, அதன் நடுவே தொடுதலே இல்லை.

புதிதாக நாகப்பூச்சு உள்ள ஆறடிக் குழாய்கள் மூன்று வாங்கினோம். மாட்டுத் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிகிற வாய்க்கால் ஓரம், எப்போதும் சொதசொதவென்று இருக்கும் இடத்தில், பத்தடிக்கு ஒன்றாக முழு ஆழம் அடித்தோம். நெருக்கி அடித்தால் மூன்று கழியும் ஒரே மண்ணை நம்பியிருக்கும், பயன் பாதியாகும். மூன்றையும் நடுவில் துண்டிக்காத ஒரே ஜி.ஐ. கம்பியால் கிளாம்பு போட்டு இணைத்தோம். கிணற்று மோட்டாரின் எர்த்திலிருந்து பத்து மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும் என்று பெரியவர் அளந்து பார்த்துக்கொண்டார். சேர்ந்துவிட்டால் வேலியின் துடிப்பு மோட்டார் லைனுக்குள் ஏறும். மறுபடி சோதித்தபோது 0.5. நான்காவது கழி, 0.3. ஐந்தாவது, 0.2. எத்தனை கழி என்பதற்குக் கணக்கு இதுதான், மீட்டர் அடங்கும்வரை.

"கரியும் உப்பும் போட வேண்டாமுங்களா?" என்று மாமா கேட்டார். உப்பு ஈரத்தைப் பிடிக்கும்தான், ஆனால் கழியையும் தின்னும். நாலு வருடத்தில் கழியே இருக்காது என்றார் பெரியவர். ஈரமான இடம் கிடைக்காதவர்களுக்கு வேண்டுமானால் அந்தப் பேச்சு.

எர்த் கழி சரியானாலும் பன்றி நிற்கும் மண் காய்ந்தேதான் இருக்கிறது. அதை யாரும் நனைக்க முடியாது. அதற்கு வேறு வழி உண்டு. ஐந்து வரிசையிலும் மின்சாரம் விடாமல், ஒன்று விட்டு ஒன்றை எர்த்தோடு சேர்த்துவிடுவது. கீழிருந்து முதல், மூன்றாம், ஐந்தாம் கம்பிகளில் மின்சாரம். இரண்டும் நான்கும் எர்த். பன்றி தலையை நுழைத்தால் மூக்கு ஒரு கம்பியிலும் நெற்றியோ முதுகோ மற்றொன்றிலும் படும். மின்சாரம் மண்ணுக்குப் போகாமலேயே கம்பியிலிருந்து கம்பிக்குப் பன்றி வழியாகத் திரும்பிவிடும். வறண்ட பூமியில் எல்லாக் கம்பியிலும் மின்சாரம் விட்ட வேலி கோடையில் வெறும் கம்பிவேலிதான்.

கம்பியின் உயரமும் இதில் சேர்த்தி. கீழ்க்கம்பி தரையிலிருந்து ஒரு சாண், அடுத்தது அதற்கு மேல் அரை முழத்துக்குள். பன்றி எதையும் மூக்கால்தான் விசாரிக்கும். மூக்கு ஈரமானது, மயிர் இல்லாதது. அங்கே அடி விழுந்தால் பின்வாங்கும். கீழ்க்கம்பி உயரமாகிவிட்டால் மூக்கு அடியில் போய்விடும், அடி காதுக்குப் பின்னால் விழும். அப்போது அது பின்னால் போகாது, பயந்து முன்னால் பாயும், வயலுக்குள். வேலி கட்டிய ஆட்கள் மேடுபள்ளம் பார்க்காமல் நூல் பிடித்துக் கட்டியிருந்ததால் இரண்டு பள்ளங்களில் கீழ்க்கம்பி முழ உயரத்தில் நின்றது. பன்றித் தடம் சரியாக அந்த இரண்டு இடத்தில்தான் இருந்தது. மண் போட்டு மேடாக்கினோம்.

அந்தக் கடலை தப்பித்தது. ஆவணியில் மக்காச்சோளம் போட்டார். கார்த்திகையில் கதிர் பால்பிடித்தபோது மறுபடி பன்றி.

இந்த முறை எர்த்தைக் குறை சொல்ல முடியாது. மழை பெய்து மண் குளிர்ந்திருந்தது. பெட்டியிலிருந்து தொலைவான மூலையில் விடியற்காலை மீட்டர் வைத்தால் 3.1. அதே இடத்தில் மத்தியானம் 4.6. காலைக்கும் மத்தியானத்துக்கும் நடுவில் மாறியது பனி ஒன்றுதான். வேலி நெடுகக் கொழுக்கட்டைப் புல்லும் பார்த்தீனியமும் வளர்ந்து கீழ்க்கம்பியில் சாய்ந்திருந்தன. ஒரு புல்லிதழ் உறிஞ்சுவது ஒன்றுமில்லை. ஐந்நூறு மீட்டர் நெடுக ஆயிரக்கணக்கான நனைந்த இதழ்கள், ஒவ்வொரு துடிப்பிலும் ஆளுக்குக் கொஞ்சம் குடித்தால் மூலைக்குப் போய்ச் சேர என்ன மிஞ்சும்? வேலியை அளக்க வேண்டிய நேரம் விடியற்காலை, இடம் தொலைவான மூலை. மத்தியானம் பெட்டிக்குப் பக்கத்தில் அளந்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்பவர்களே அதிகம்.

இரண்டடி அகலத்துக்குக் களை செதுக்கினோம். 5.4-க்கு வந்தது. வர வேண்டியது ஆறுக்கு மேல். வேறெங்கோ ஒழுகுகிறது.

ஒழுகும் இடத்தைத் தேடுவதற்கு வேலியைப் பாதியாகப் பிரிப்பதே சுருக்கு வழி. பெட்டியை அணைத்து, வேலியின் நடுவில் இணைப்பைக் கழற்றிவிட்டு, பெட்டிப் பக்கத்துப் பாதியை மட்டும் ஓட்டி அளக்க வேண்டும். அழுத்தம் ஏறிவிட்டால் குற்றம் கழற்றிய பாதியில், ஏறாவிட்டால் இந்தப் பாதியில். குற்றமுள்ள பாதியை மறுபடி பாதியாக்கினால் நாலைந்து முறையில் பத்திருபது மீட்டருக்குள் சுருங்கிவிடும். பெரியவர் கையில் அதைவிடச் சுலபமான கருவி ஒன்று இருந்தது. பழைய மீடியம்வேவ் டிரான்சிஸ்டர் ரேடியோ. நிலையம் எதுவும் வராத இடத்தில் முள்ளை வைத்து வேலியோரம் நடந்தால், பொறி தாவுகிற இடம் நெருங்க நெருங்க டக், டக் என்று சத்தம் பெரிதாகும். இருட்டியபின் நடந்தால் நீலப்பொறியைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

இரண்டு இடத்தில் பொறி இருந்தது. ஒன்று, உடைந்துபோன ஒரு இன்சுலேட்டருக்குப் பதிலாகப் பண்ணையாள் சைக்கிள் டியூபைக் கிழித்துச் சுற்றிக் கல்லுக்காலில் கட்டியிருந்தான். ரப்பர் கரண்டைத் தடுக்கும் என்பது அவன் கணக்கு. கறுப்பு டியூபில் கரித்தூள் கலந்திருக்கிறது. வெயிலில் வெடித்து மழையில் நனைந்ததும் எட்டாயிரம் வோல்ட்டுக்கு அது பாதை. மற்றொன்று, கேட்டுக்கு அடியில் மண்ணுக்குள் போகும் ஒயர். வீட்டுக்குப் போடும் சாதாரண ஒயரைப் பதித்திருந்தார்கள். அதன் உறை 1,100 வோல்ட் வரை தாங்கச் செய்தது. வேலிக்கென்றே இரட்டை உறை போட்ட கேபிள் இருக்கிறது, பெட்டியிலிருந்து வேலிக்கும், கேட்டுக்கு அடியிலும் அதைத்தான் போட வேண்டும். மண்ணுக்குள் ஒழுகுவது கண்ணுக்கும் தெரியாது, பல நேரம் காதுக்கும் கேட்காது. அதனால் இது பல வேலிகளில் வருடக்கணக்காக ஒழுகிக்கொண்டே இருக்கும்.

6.3 வந்தது. மூன்று நாள் கழித்து மாமா போன் செய்தார். "மாப்ள, டிக் டிக் நின்னு போச்சு."

இப்போது பேட்டரி. அடைமழை நான்கு நாள். இங்கேதான் நம்மூர் வியாபாரம் பெரும்பாலும் ஏமாற்றுகிறது. ஏமாற்று என்றால் திருட்டு அல்ல, கோடைக்கு மட்டும் போட்ட கணக்கு. மாமாவின் பெட்டி ஓடும்போது 0.4 ஆம்பியர் எடுக்கிறது. ஒரு நாளைக்கு 24 மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ 10 ஆம்பியர்மணி. கூரையில் இருப்பது 40 வாட் பேனல், நல்ல வெயிலில் 2.2 ஆம்பியர் தரும். சித்திரை வெயில் ஒரு நாளைக்கு ஐந்தரை மணி நேர முழு வெயிலுக்குச் சமம் என்று வைத்தால் 12 ஆம்பியர்மணி. ஒயரிலும் சூட்டிலும் பேட்டரியிலும் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். மிஞ்சுவது கிட்டத்தட்ட 10. வரவும் செலவும் நேருக்கு நேர். கார்த்திகை மேகத்தில் முழு வெயில் இரண்டு மணி நேரத்துக்குச் சமமாகக் கிடைத்தால் வரவு மூன்றரை. தினமும் ஆறரை கடன்.

அந்தக் கடனைத் தாங்க வேண்டியது பேட்டரி. அவருடையது 26 ஆம்பியர்மணி ஈய பேட்டரி. ஈய பேட்டரியைப் பாதிக்கு மேல் வடியவிட்டால் ஆயுள் குறையும், ஆகவே கையில் இருப்பது 13. இரண்டு நாளில் தீர்ந்துவிடும். மூன்றாம் நாள் அழுத்தம் இறங்கும், நான்காம் நாள் பெட்டி நிற்கும்.

இது போதாதென்று, மத்தியானம் பேனலைப் போய்ப் பார்த்தால் பாதியில் வேப்பமர நிழல். "சித்திரையில இங்க நெழலே உழுகாதே" என்றார் மாமா. உண்மைதான். சித்திரையில் சூரியன் உச்சந்தலைக்கு வருகிறது. கார்த்திகை, மார்கழியில் தெற்கே சாய்ந்து போகிறது. தெற்கே நிற்கிற மரத்தின் நிழல் அப்போதுதான் நீளும், வெயில் குறைவான அதே மாதங்களில். பேனலுக்குள் சில்லுகள் சங்கிலிபோல ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருப்பதால், ஒரு மூலையில் விழுந்த நிழலும் மொத்தத்தையும் இழுத்துப் பிடிக்கும். பாதி நிழலுக்குப் பாதி மின்சாரம் வராது, கிட்டத்தட்ட ஒன்றுமே வராது. பேனல் வைக்கும் இடத்தை மார்கழியில் தேர்ந்தெடுப்பது நல்லது.

மாற்றியது இப்படி. 75 வாட் பேனல், தெற்குப் பார்த்து லேசான சாய்வில், மரம் மறைக்காத இடத்தில் தனிக் குழாய்மேல். 75 ஆம்பியர்மணி பேட்டரி. இப்போது வெயிலே இல்லாமல் மூன்று நாள் ஓடும். இரவு மட்டும் ஓட்டினால் செலவு பாதி என்று பலர் பகலில் அணைத்துவிடுகிறார்கள். பன்றிக்கு மட்டும் என்றால் அது சரி. ஆனால் பகலில் மேய வரும் மாடும் ஆடும் செத்த கம்பியைத் தொட்டுப் பார்த்துப் பழகிவிடும். அதோடு, மாலையில் போட மறக்கும் நாள் ஒன்று கட்டாயம் வரும்.

பேட்டரியைச் சோதிக்கச் சாதாரண மல்டிமீட்டர் போதும், அதையும் விடியுமுன் பார்க்க வேண்டும். பெட்டியை அணைத்துக் கொஞ்ச நேரம் கழித்து 12.7 காட்டினால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே என்றால் நேற்றே கவனித்திருக்க வேண்டும். அந்த மல்டிமீட்டரை மறந்தும் வேலிக் கம்பியில் வைத்துவிடக் கூடாது. எட்டாயிரம் வோல்ட் அதைக் கொன்றுவிடும்.

இடி மின்னலும் இந்தப் பெட்டிகளைக் கொல்லும். திறந்தவெளியில் கால் கிலோமீட்டருக்கும் மேல் நீட்டிக்கிடக்கும் கம்பி மின்னலுக்கு வலை விரித்ததுபோல. பெட்டிக்கும் வேலிக்கும் நடுவே இடிதாங்கி போட்டு, அதற்குத் தனி எர்த் கொடுக்கலாம். அதற்கும் மேலாக மாமா, வானம் கறுத்தால் இரண்டு ஒயரையும் பெட்டியிலிருந்து கழற்றித் தூரப் போட்டுவிடுகிறார். சித்திரை கோடைமழைக்கு இது மெத்தச் சரி.

ஆளுக்கு ஆபத்து வரும் வழிகள் சில உண்டு. முள்கம்பியில் மின்சாரம் விடக் கூடாது. உடையோ தோலோ மாட்டிக்கொண்டால் விலக அந்த ஒரு நொடி போதாது. ஒரே வேலியில் இரண்டு பெட்டி சேர்க்கக் கூடாது. அதன் துடிப்பும் இதன் துடிப்பும் மாறி மாறி வந்து ஓய்வைத் தின்றுவிடும். பக்கத்துத் தோட்டக்காரர் தனிப் பெட்டியில் வேலி போட்டால் இரண்டுக்கும் நடுவே இரண்டரை மீட்டராவது விட வேண்டும். ஒருவர் இரண்டையும் சேர்த்துத் தொட்டுவிடக் கூடாது. பாதையோரம் நூறு மீட்டருக்கு ஒன்றாக எச்சரிக்கைப் பலகை வேண்டும். மேலே மின்வாரிய லைன் போகிற இடத்தில் அதன் அடியோடே இணையாக வேலியை ஓட்டக் கூடாது. 2023-இல் தமிழ்நாடு அரசு மின்வேலிகளுக்கென்று தனி விதிகள் கொண்டுவந்தது. காட்டை ஒட்டிய நிலங்களில் புதிதாகப் போட வனத்துறையிடம் முன் அனுமதி வாங்க வேண்டும், ஏற்கெனவே போட்டவர்கள் பதிவு செய்ய வேண்டும். வேளாண் பொறியியல் துறை மானியம் கொடுக்கிறது. அதற்கான திட்டத்தில் ஐந்து, ஏழு, பத்து வரிசை என்று பிரித்து, ஒருவருக்கு 566 மீட்டர் வரை என்று வைத்திருந்தார்கள். விசித்திரமாகத் தெரிந்த அந்த எண்ணைப் போட்டுப் பார்த்தேன். இரண்டு எக்டேர் சதுர நிலத்தின் நான்கு பக்கமும் சேர்ந்தால் அதுதான்.

கீழ்க்கம்பியால் ஒரு கெடுதி உண்டு, விற்பவர்கள் அதைச் சொல்வதில்லை. பன்றியும் மாடும் அடி வாங்கினால் விலகிவிடும். ஆமை விலகாது, ஓட்டுக்குள் சுருங்கி அங்கேயே உட்கார்ந்துவிடும். எறும்புத்தின்னி அப்படியே சுருண்டுகொள்ளும். ஒவ்வொரு துடிப்பும் மறுபடி விழும். தென்னாப்பிரிக்காவில் இந்த இரண்டு இனங்களும் கீழ்க்கம்பியில் செத்துக்கொண்டே இருப்பதைப் பதிவு செய்திருக்கிறார்கள். மாமாவின் வேலியில் கீழ்க்கம்பிக்கு மட்டும் தனி சுவிட்ச் வைத்திருக்கிறோம். பயிரில் பன்றிக்கு வேலை இல்லாத மாதங்களில் அது அணைந்திருக்கும். மழைக்காலத்தில் களை செதுக்க ஆள் கிடைக்காத வாரத்திலும் அதை அணைத்தால் மற்றக் கம்பிகளுக்கு அழுத்தம் திரும்பிவிடும்.

யானை வேறு கணக்கு. தந்தத்தில் மின்சாரம் பாயாது என்பதை அது கற்றுக்கொள்ளும், தந்தத்தால் கம்பியை அறுக்கும். மரத்தைச் சாய்த்து வேலிமேல் போட்டுவிட்டு அதன்மேல் நடந்து வரும். அதனால்தான் வனத்துறை காட்டோரங்களில் உயரமான கால்களிலிருந்து கம்பிகளைத் தொங்கவிடும் வேலியைப் போடுகிறது. மாமாவின் ஐந்து வரிசை யானைக்கு ஒரு பொருட்டே இல்லை.

இப்போது சாளைச் சுவரில் பெட்டிக்குக் கீழே ஒரு காலண்டர் தொங்குகிறது. வாரத்துக்கு ஒருமுறை மூலைக்கல்லில் அளந்த எண்ணை மாமா அந்தத் தேதிக் கட்டத்தில் எழுதுகிறார். 6.3, 6.1, 5.8, 5.2 என்று இறங்கினால் களை. ஒரே வாரத்தில் 6-லிருந்து 3 என்றால் ஏதோ உடைந்திருக்கிறது. பேட்டரி இறங்கினால் மூலையில் மட்டுமல்ல, பெட்டி வாசலிலும் குறையும்.

கடைசியாகப் போனபோது விடியற்காலை அவரோடு மூலைக்கு நடந்தேன். வெளியே ஈர மண்ணில் பன்றித் தடம் வேலிக்கு ஓரடி முன்னால் வந்து திரும்பியிருந்தது. மீட்டர் 6.2 காட்டியது. மேல்கம்பியில் ஒரு மயில் சாவகாசமாக உட்கார்ந்திருந்தது. இரண்டு காலும் ஒரே கம்பியில், மண்ணில் ஒரு நகமும் படவில்லை, அதற்கு ஏன் ஷாக் அடிக்கப்போகிறது? எங்களைப் பார்த்ததும் உள்பக்கமாகக் குதித்துச் சோளத்துக்குள் போனது. மாமா கல்லைத் தேடினார்.